சுற்றிலும் பெய்யட்டும், எங்கள்மேல் அல்ல

கேள்வி: "மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கையில் சைவக்காரர், முஸ்லிம்கள், வேதக்காரர், சிங்களவர் எல்லாரும் இருக்கிறோம். தண்ணீர் வெட்டும் கரண்ட் வெட்டும் தாங்க முடியாமல், எல்லாரும் சேர்ந்து ஒருநாள் மழைக்குப் பிரார்த்தனை வைப்போம் என்று கதை நடக்கிறது. ஒவ்வொரு சமயத்திலும் மழையை எப்படிக் கேட்கிறார்கள்? எல்லாரும் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரே வாசகம் எழுத முடியுமா?"

எழுதலாம். ஆனால் எழுதி முடித்த பிறகு அது ஒருவருடைய பிரார்த்தனையாகவும் இருக்காது. யாரைக் கூப்பிடுவது, மழை நின்றதற்கு யார் காரணம், கேட்பவர் கையில் என்ன இருக்கிறது என்ற மூன்றிலும் இந்த நான்கு மரபுகளும் ஒரே வழியில் போவதில்லை. ஒன்றில் மட்டும் ஆச்சரியமான ஒற்றுமை உண்டு. பழைய வாசகங்களைத் தேடிப் பார்த்தால் "மழை தா" என்று மொட்டையாகக் கேட்பது மிகக் குறைவு. எவ்வளவு, எப்போது, எங்கே, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அந்த வாசகங்களுக்குள்ளேயே இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அதுதான் உபயோகமான பகுதி என்பதால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

முஸ்லிம்களிடமிருந்து தொடங்குவோம். மழைக்கென்றே தனியாக ஒரு கூட்டுத் தொழுகையும் ஒழுங்கும் உள்ளவர்கள் அவர்கள். இஸ்திஸ்கா என்று சொல்வார்கள், மழைத் தொழுகை என்றாலும் விளங்கும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபி மத்ஹபை, அதாவது இமாம் ஷாபியின் சட்ட வழியைச் சேர்ந்தவர்கள். அந்த மத்ஹபில் காரியம் தொழுகை நாளன்று தொடங்குவதில்லை. அதற்கு முன் மூன்று நாட்கள் எல்லாரும் நோன்பு பிடிக்க வேண்டும், தர்மம் கொடுக்க வேண்டும், யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் அதைத் தீர்க்க வேண்டும். நான்காம் நாளும் நோன்போடு திறந்த வெளிக்குப் போவார்கள். பெருநாள் உடுப்புப் போட்டுக்கொண்டு போவதில்லை. வேலைக்குப் போடும் சாதாரண உடுப்புத்தான், அத்தர் பூசுவதும் இல்லை. வயசாளிகளையும் சிறுபிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆடு மாடுகளையும் கொண்டுபோகலாம் என்று பழைய சட்ட நூல்கள் சொல்கின்றன. தாகம் அவைக்கும்தானே.

தொழுகை இரண்டு ரக்அத், அதாவது நின்று, குனிந்து, சிரம் பணியும் இரண்டு சுற்று. பெருநாள் தொழுகை மாதிரியே முதல் ரக்அத்தில் அல்லாஹு அக்பர் என்று சொல்லும் தக்பீர் ஏழு, இரண்டாவதில் ஐந்து. அதன் பிறகு குத்பா என்ற பிரசங்கம். இங்கேதான் பெருநாளிலிருந்து வித்தியாசம் வருகிறது. பெருநாள் குத்பாவில் தக்பீர் சொல்லும் இடங்களில் எல்லாம் இதில் இஸ்திஃபார், அதாவது பாவமன்னிப்புக் கேட்டல். காரணம் குர்ஆனில் நூஹ் அத்தியாயத்தில் இருக்கிறது. நூஹ் நபி தன் சமூகத்தாரிடம், "உங்கள் இறைவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவன் வானத்திலிருந்து உங்கள்மேல் தொடர்ந்து மழையை இறக்குவான்" என்கிறார். ஆக, மழையைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டியது மன்னிப்பு. தப்பு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே ஒரே பதில்தான்: நம்முடையது.

இரண்டாவது குத்பாவின் இடையில் இமாம் சனங்களுக்கு முதுகு காட்டி, மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்துத் திரும்புவார். தோளில் போட்டிருக்கும் சால்வையின் வலப்பக்கத்தை இடப்பக்கமாகவும், மேலே இருப்பதைக் கீழாகவும் மாற்றிப் போட்டுக்கொள்வார். உட்கார்ந்திருப்பவர்களும் தங்கள் சால்வையை அப்படியே மாற்றுவார்கள். நபிகள் நாயகம் திடலுக்குப் போய்க் கிப்லாவை முன்னோக்கி, மேலாடையை மாற்றிப் போட்டு, இரண்டு ரக்அத் தொழுததாகப் புகாரியில் வருகிறது. நிலைமையும் இப்படி மாறட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கையை ஏந்துவதும் வழக்கத்தைவிட உயரமாக இருக்கும், புறங்கை வானத்தைப் பார்க்கும். உங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் உள்ளங்கைக்குப் பதில் புறங்கையை மேலே காட்டினால் அவர் பிழையாகச் செய்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு. கொழும்பில் மேமன் சமூகத்தார் ஹனபி மத்ஹபினர். மழைக்காகக் கூட்டுத் தொழுகை தேவையில்லை, துஆ என்ற வேண்டுதலும் இஸ்திஃபாரும் போதும் என்பது இமாம் அபூ ஹனீபாவின் கருத்து. அவருடைய பிரதான மாணவர்கள் இருவரும் தொழுகை உண்டு என்றார்கள். அதனால் ஒரே மட்டக்குளிக்குள்ளேயே இரண்டு பழக்கம் இருக்கலாம்.

இனி வாசகம். இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஒரு ஹதீஸ் உண்டு. நபித்தோழர் அனஸ் சொல்வது. ஒரு வெள்ளிக்கிழமை நபியவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் பள்ளிக்குள் வந்து நின்றபடியே, "அல்லாஹ்வின் தூதரே, கால்நடைகள் அழிந்துவிட்டன, பாதைகள் அறுந்துவிட்டன, எங்களுக்கு மழை தரும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள்" என்கிறார். நபியவர்கள் கையை உயர்த்தி "அல்லாஹும்ம அகிஸ்னா" என்று மூன்று முறை சொல்கிறார்கள். யா அல்லாஹ், எங்களுக்கு மழையால் உதவி செய். அவ்வளவுதான் முழு வாசகமும். அப்போது வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை, எங்களுக்கும் ஸல்உ மலைக்கும் இடையில் பார்வையை மறைக்க ஒரு வீடும் இல்லை என்கிறார் அனஸ். அந்த மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போல ஒரு மேகம் எழுந்து, நடுவானத்துக்கு வந்து பரவிப் பெய்தது. ஒரு கிழமை சூரியனையே காணவில்லை.

அடுத்த வெள்ளி. அதே வாசல் வழியாக ஒரு மனிதர் வருகிறார். "கால்நடைகள் அழிந்துவிட்டன, பாதைகள் அறுந்துவிட்டன, மழையை நிறுத்தும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள்." முறைப்பாடு சொல்லுக்குச் சொல் அதேதான், காரணம்தான் தலைகீழ். நபியவர்கள் "நிறுத்து" என்று கேட்கவில்லை. "எங்களைச் சுற்றிலும், எங்கள்மேல் அல்ல. மேடுகள்மேல், குன்றுகள்மேல், ஓடைகளின் உள்ளே, மரம் முளைக்கும் இடங்களில்" என்று கேட்டார்கள். மழை விலகியது, வெயிலில் நடந்து வெளியே வந்தோம் என்று அனஸ் முடிக்கிறார்.

இதை ஒரு கொழும்புக்காரர் எப்படிக் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். நமக்குக் குழாயில் வரும் தண்ணீரின் பெரும்பகுதி அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. மிச்சம் லபுகம, களட்டுவாவ குளங்களிலிருந்து வருகிறது. களனி வற்றினால் தண்ணீர் குறைவது ஒரு பிரச்சினை, கடலின் உப்புநீர் ஆற்று வழியே மேலே ஏறி அம்பத்தலேயை நெருங்குவது அதைவிடப் பெரிய பிரச்சினை. கரண்டுக்கு வேண்டிய தண்ணீர் இன்னும் மேலே, காசல்ரீ, மவுசாகலை போன்ற மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் இருக்கிறது. 2019 மார்ச்சில் முறை வைத்துக் கரண்ட் வெட்டினார்களே, அதற்கு மலைநாட்டில் மழை இல்லாததும் ஒரு காரணம். நம் வீட்டுக் கூரையில் எவ்வளவு கொட்டினாலும் அதில் ஒரு சொட்டும் காசல்ரீக்குப் போகாது. கானை நிறைத்து, வெல்லம்பிட்டியவிலும் கொலன்னாவையிலும் வீட்டுக்குள் புகுந்து, கடலுக்குப் போய்விடும். ஆகவே கொழும்புக்கு வேண்டிய மழை கொழும்பில் பெய்யும் மழை அல்ல. குன்றுகள்மேலும் ஓடைகளுக்குள்ளும் மரம் முளைக்கும் இடத்திலும் பெய்யும் மழை. மதீனாவில் வெள்ளத்தை விலக்கக் கேட்ட வாசகம், கொழும்பில் வரட்சிக்கே பொருந்துகிறது.

ஷாபி மத்ஹபில் ஓதும் துஆக்களில் இந்த எச்சரிக்கை முதலிலேயே வந்துவிடுகிறது. "அருளின் மழையாக இருக்கட்டும், தண்டனையின் மழையாக வேண்டாம். அழிவு வேண்டாம், சோதனை வேண்டாம், இடிந்து விழுதல் வேண்டாம், மூழ்குதல் வேண்டாம்" என்று ஒரு வரிசை. இன்னொரு துஆவில் பயன் தரக்கூடிய, கெடுதி செய்யாத, தாமதிக்காமல் உடனே வருகிற மழையைக் கேட்கிறார்கள். 2017 ஞாபகம் இருக்கிறதா? ஆண்டின் தொடக்கத்தில் நாடே வரட்சியில் கிடந்தது. அதே ஆண்டு மே கடைசியில் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு அந்த "வேண்டாம்" வரிசை சும்மா அலங்காரத்துக்குச் சேர்த்தது என்று தோன்றாது.

சரி, சைவப் பக்கம் வருவோம். அங்கே இதே கதை வேறு மாதிரி இருக்கிறது. சுந்தரர் திருப்புன்கூரில் பாடிய பதிகத்தில் இரண்டாவது பாட்டு:

வையகம் முற்றும் மாமழை மறந்து
வயலில் நீரிலை மாநிலம் தருகோம்
உய்யக் கொள்கமற் றெங்களை என்ன
ஒலிகொள் வெண்முகி லாய்ப்பரந் தெங்கும்
பெய்யு மாமழைப் பெருவெள்ளம் தவிர்த்துப்
பெயர்த்தும் பன்னிரு வேலிகொண் டருளும்
செய்கை கண்டுநின் திருவடி அடைந்தேன்
செழும்பொழில் திருப்புன்கூர் உளானே.

நிதானமாக வாசித்தால் நடந்தது என்னவென்று தெரியும். உலகம் முழுக்க மழை மறந்துவிட்டது, வயலில் தண்ணீர் இல்லை, "நிலம் தருகிறோம், எங்களைக் காப்பாற்று" என்று கேட்டார்கள். சிவன் வெண்முகிலாகப் பரந்து பெய்தார். பெய்தது பெருவெள்ளமாகிவிட்டது. அதை நிறுத்துவதற்கு இன்னொரு முறை பன்னிரண்டு வேலி நிலம் வாங்கிக்கொண்டார். "பெயர்த்தும்" என்றால் மறுபடியும். கோயில் வரலாறு இதை ஏயர்கோன் கலிக்காம நாயனாரோடு சேர்த்துச் சொல்கிறது: மழைக்குப் பன்னிரண்டு வேலி, நிறுத்தப் பன்னிரண்டு வேலி.

மன்னிப்பு என்ற சொல்லே இந்தப் பாட்டில் இல்லை. யாருக்குப் பாவம் என்ற விசாரணையும் இல்லை. இது கொடுக்கல் வாங்கல். அதிலும் கடவுளை விட்டுக்கொடுக்காத ஒரு கிண்டல் சுந்தரருக்கே உரியது. பெய்யவும் கூலி, நிறுத்தவும் கூலி வாங்கினாயே, அந்தச் செய்கையைக் கண்டுதான் உன் காலடிக்கு வந்தேன் என்கிறார். தம்பிரான் தோழர் என்று சும்மாவா சொன்னார்கள்! ஒரு முஸ்லிம் சகோதரர் இதைக் கேட்டால் திடுக்கிடக்கூடும். சைவருக்கு அது உரிமை.

ஆனால் மழைக்காகக் கோயில்களில் அதிகம் ஓதப்படுவது சம்பந்தரின் திருவையாற்றுப் பதிகம், "புலனைந்தும் பொறிகலங்கி" என்று தொடங்குவது. மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது, அந்தப் பண்ணுக்கு மழையை வரவழைக்கும் சக்தி உண்டு என்பது நம்பிக்கை. 2019இல் தமிழ்நாட்டு அறநிலையத் துறை கோயில்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலும், நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு தண்ணீர் நிரப்புவதோடு, இந்தப் பண்ணில் பதிகம் பாடுவதையும் சொல்லியிருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டு மழையைக் கேட்கவே இல்லை. பெண்கள் வலம் வந்து ஆட, முழவு அதிர, அதை இடி என்று நினைத்துப் பயந்த சில மந்திகள் மரத்தில் ஏறி மேகம் வருகிறதா என்று பார்க்கின்றன. "சிலமந்தி அலமந்து மரமேறி முகில்பார்க்கும் திருவை யாறே." மழை வரவில்லை, முழவுச் சத்தம்தான். ஆனாலும் வேண்டுதலின் வேலையை இங்கே பண்தான் செய்கிறது, சொல் செய்வதில்லை. ஆகவே உங்கள் கூட்டத்தில் இதை ஓத நினைத்தால் பண் தெரிந்த ஓதுவார் ஒருவரைப் பிடியுங்கள். இன்று இதை நீலாம்பரி ராகத்தில் பாடுவார்கள். தாளில் பார்த்து வாசித்துவிட்டுப் போவதானால் இந்தப் பதிகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே அர்த்தமில்லை.

சைவருக்கு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அது எல்லாருக்கும் மனப்பாடம். பூசை முடிவில் நாம் சொல்லும் வாழ்த்து: "வான்முகில் வழாது பெய்க, மலிவளம் சுரக்க, மன்னன் கோன்முறை அரசு செய்க, குறைவிலாது உயிர்கள் வாழ்க." கந்தபுராணத்துப் பாட்டு. சம்பந்தரின் "வீழ்க தண்புனல் வேந்தனும் ஓங்குக" என்பதும் இதே வகை. யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. பெய்க, அவ்வளவுதான். "வழாது" என்பதற்குள் தப்பாமல் என்ற பொருள் இருக்கிறது. மழையும் அரசாட்சியும் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள்.

ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஒழுங்கைச் சிங்களவர்கள் பன்சலையில் அன்றாடம் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். "தேவோ வஸ்ஸது காலேன, ஸஸ்ஸ ஸம்பத்தி ஹேது ச, பீதோ பவது லோகோ ச, ராஜா பவது தம்மிகோ." காலத்தில் மழை பெய்யட்டும், பயிர் செழிக்கட்டும், உலகம் வளம் பெறட்டும், அரசன் தர்மத்தோடு ஆளட்டும். மழை, விளைச்சல், உயிர்கள், அரசன். மேலே சொன்ன கந்தபுராண வரிகளில் உள்ள எல்லாம் இதிலும் இருக்கிறது. "காலேன" என்ற சொல்தான் இங்கே அளவுகோல். எவ்வளவு என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கிறது. அறுவடை நேரத்தில் கொட்டும் மழையால் யாருக்கு என்ன லாபம்?

பௌத்தத்தில் கெஞ்சுவது குறைவு, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. ஆணையிடுவதுதான் அதிகம், அதற்குப் பின்னால் நிற்பது சத்தியம். ஜாதகக் கதைகளில் ஒரு மீன் வருகிறது, போதிசத்துவரின் பிறவி. குளம் வற்றிவிட்டது, மீன்கள் சேற்றில் புதைந்து கிடக்க, காகங்கள் கொத்தித் தின்கின்றன. அந்த மீன் சேற்றைப் பிளந்து மேலே வந்து, வானத்தைப் பார்த்து மழைத் தெய்வமான பஜ்ஜுன்னனைக் கூப்பிடுகிறது. தன் இனத்தையே தின்னும் பிறவியில் பிறந்தும் நான் அரிசி மணி அளவு மீன்கூடத் தின்றதில்லை, இந்தச் சத்தியத்தால் பெய் என்கிறது. "இடி முழங்கு பஜ்ஜுன்னா, காகத்தின் புதையலை அழி, காகத்தைத் துக்கத்தில் ஆழ்த்து, என்னைத் துக்கத்திலிருந்து விடுவி." வேலைக்காரனுக்குச் சொல்வது போலச் சொன்னது என்று கதையே சொல்கிறது. காகத்தின் புதையல் என்றால் சேற்றில் கிடக்கும் அந்த மீன்கள்தான்! நல்ல குறும்பு.

மகாவம்சத்தில் இதே தோரணையில் ஓர் அரசன் இருக்கிறான், சிறிசங்கபோதி, மூன்றாம் நூற்றாண்டு. மழையில்லாமல் சனங்கள் படும் பாட்டைக் கேட்டு, அனுராதபுரத்து மகாதூபத்தின் முற்றத்தில் போய்ப் படுத்துவிட்டான். பெய்யும் மழைத் தண்ணீர் என்னைத் தூக்கி எழுப்பாவிட்டால் செத்தாலும் இந்த இடத்தைவிட்டு எழும்பமாட்டேன் என்று உறுதி. உடனே மழை கொட்டியது. அரசன் எழும்பவில்லை. ஏனென்றால் முற்றத்துத் தண்ணீர் வடிகான்கள் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது, அவனைத் தூக்கவில்லையே. கடைசியில் அமைச்சர்கள் போய் வடிகான்களை அடைத்தார்கள். தண்ணீர் ஏறியது, அரசன் மிதந்தான், எழும்பினான். சொன்ன சொல்லின் எழுத்துக்கூட விலகக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். நான்கு மரபிலும் எனக்கு மிகவும் பிடித்த அமைச்சர்கள் இவர்கள்தான்.

கூட்டாகச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. முதலாம் உபதிஸ்ஸன் காலத்தில் பஞ்சமும் நோயும் வந்தபோது, புத்தரின் பொற்சிலை ஒன்றைச் செய்து, அவருடைய பிச்சைப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அந்தச் சிலையின் கைகளில் வைத்து, தேரில் ஏற்றினார்கள். அரசன் தானும் சீலம் எடுத்து, சனங்களையும் எடுக்கச் செய்தான். பிக்குகள் ரத்தன சூத்திரத்தை ஓதியபடி இரவு முழுக்க நகரத்தைச் சுற்றினார்கள். விடியும் நேரம் மழை பெய்ததாக நூல் சொல்கிறது. பிரித் ஓதுவதற்கு இன்றும் அதே சூத்திரம்தான்.

கிறிஸ்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சுருக்கமாக. கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகத்தில் மழைக்காக ஒரு மன்றாட்டு இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே மழை விலகி நல்ல காலநிலை வேண்டும் மன்றாட்டும் இருக்கிறது. மழைக்கான மன்றாட்டு "போதுமான மழையைத் தாரும்" என்று கேட்டுவிட்டு, உடனே காரணத்தையும் சொல்கிறது: இந்த வாழ்வுக்கு வேண்டியது கிடைத்தால், நித்தியத்துக்குரியதை இன்னும் நம்பிக்கையோடு தேடுவோம். மழை அங்கே முடிவல்ல, ஒரு படி. அங்கிலிக்கன் சபையின் 1662 ஆம் ஆண்டு செபப் புத்தகம் அளவான மழையையும் தூறலையும் கேட்கிறது. அதே புத்தகத்தில் மழை விடுவதற்கான செபம், எட்டுப் பேரைத் தவிர உலகத்தையே மூழ்கடித்த கடவுளை நினைவுபடுத்தி, எங்கள் அக்கிரமத்துக்கு இந்த வெள்ளம் தகும்தான், ஆனாலும் மனந்திரும்புகிறோம், எனவே இரங்கும் என்று போகிறது. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோது பண்ணிய விண்ணப்பத்திலும் இதுதான் ஒழுங்கு: பாவம், அடைபட்ட வானம், திரும்புதல், மன்னிப்பு, மழை. இந்த ஒழுங்கில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், சைவ வாழ்த்தும் பௌத்த வாழ்த்தும் வேறொரு பக்கத்தில் நிற்கின்றன. ஒரே வாசகம் சரிவராது என்பதற்கு இதுதான் உண்மையான காரணம். "எங்கள் பாவத்தை மன்னித்து" என்று தொடங்கினால் பிக்குவுக்கு அது பொருந்தாது. "வான்முகில் வழாது பெய்க" என்று மட்டும் விட்டால் மௌலவிக்கு, இதை யாரிடம் கேட்கிறோம் என்ற கேள்வி வரும். எல்லாருக்கும் பொதுவாக "இறைவா" என்று போட்டு ஒப்பேற்றலாம். அப்போது பஜ்ஜுன்னனும் போய்விடுவான், திருப்புன்கூரானும் போய்விடுவான்.

கிராமத்துப் பக்கம் குற்றத்துக்கு இன்னொரு விலாசமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கொடும்பாவி என்று ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவார்கள். ஊரின் பாவத்தை எல்லாம் வைக்கோல் பொம்மையின் தலையில் கட்டிவிடுகிற ஏற்பாடு. மட்டக்களப்பில் கண்ணகை அம்மனுக்கு மழைக்காவியம் பாடுவது அதைவிட மென்மையான வழி. கொழும்பு ஒழுங்கையில் முதலாவதைச் செய்யப் போனால் பொலிசுக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இனி உங்கள் ஏற்பாடு. என் யோசனை இதுதான். ஒரே நாளில், ஒரே இடத்துக்கு வாருங்கள், ஆனால் ஒரே குரலில் சொல்ல முயல வேண்டாம். அவரவர் தங்கள் வாசகத்தைத் தங்கள் மொழியில் சொல்லட்டும், மற்றவர்கள் பேசாமல் இருந்தால் போதும். இது புதுமையான சமரசம் அல்ல. இமாம் நவவியின் மின்ஹாஜ் என்ற ஷாபி சட்ட நூலில் மழைத் தொழுகை பற்றிச் சொல்லும் இடத்திலேயே, வேற்று மதத்தார் வருவதைத் தடுக்கக்கூடாது, ஆனால் நம்மோடு கலந்து நிற்கமாட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. மழை இல்லாவிட்டால் எல்லாரும்தான் வெளியே வருவார்கள் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். உங்கள் பள்ளி மௌலவியிடம் அந்த வரியைக் காட்டியே பேசலாம். தொழுகையைக் காலையில் அவர்கள் தனியாக முடித்துவிட்டு, பிறகு துஆவுக்கு மட்டும் பொது இடத்துக்கு வருவது இரு பக்கத்துக்கும் சுலபம்.

பேசுகிறவர்களிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அளவையும் இடத்தையும் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். குருக்கள் வருண ஜபம் சொல்வதானால் அதோடு ரிக் வேதத்தின் பர்ஜன்ய சூக்தத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். அதன் கடைசிப் பாட்டு, மழையைப் பொழிந்தாய், இனி நன்றாகப் பிடித்து வை, பாலை நிலங்களையும் கடந்துபோகும்படி செய்தாய் என்று நன்றியோடு நிறுத்தச் சொல்கிறது. பாதிரியாரிடம் போதுமான மழைக்கான மன்றாட்டு ஏற்கனவே இருக்கிறது. மௌலவி "எங்களைச் சுற்றிலும்" துஆவையும் சேர்த்து ஓதி, அதைத் தமிழிலும் சொன்னால் மலைநாட்டு நீர்த்தேக்கங்களைப் பற்றி நீங்கள் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

நாள் குறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெப்ரவரி, மார்ச்சில் வைத்தால் பின்னேரத்து இடிமழைதான் அடுத்து வரக்கூடியது, அது ஒரு ஊரில் பெய்து அடுத்த ஊரில் பெய்யாது. காசல்ரீ பக்கத்தை நிரப்புகிற தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில்தான் தொடங்கும். எனவே பிரார்த்தனை வைத்த அடுத்த நாளே குழாயில் தண்ணீர் வரும் என்று யாரும் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டாம். மழை வராவிட்டால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தொழலாம் என்று ஷாபி நூல்கள் சொல்கின்றன. எல்லா ஆயத்தமும் செய்து, குறித்த நாளுக்கு முதல்நாளே மழை கொட்டிவிட்டால் கூட்டத்தைக் கலைப்பதா என்ற கேள்விக்கும் அதே மின்ஹாஜில் பதில் இருக்கிறது: கலைக்க வேண்டாம், நன்றி சொல்லவும் துஆ கேட்கவும் கூடுங்கள், தொழுகையையும் தொழுங்கள். கதிரைகளுக்கு முற்பணம் கொடுத்திருந்தால் அதுவும் வீணாகாது.